விற்பனை கூடியும் கையில் காசில்லை: கடன் வியாபாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் விசைத்தறி லுங்கி, துண்டு வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அடக்கமுள்ள சரக்கை 11,000 ரூபாய்க்கு விற்கிறார். சரக்கு குடோனில் 45 நாள் கிடக்கிறது. விற்றபின் கடைக்காரரிடமிருந்து பணம் வர 60 நாள். தறிக்காரருக்கு இவர் 30 நாளில் கொடுத்தாக வேண்டும்.

45-ஐயும் 60-ஐயும் கூட்டி 30-ஐக் கழித்தால் 75. கொடுத்த பணம் திரும்பிவர இத்தனை நாள் ஆகிறது. இதுதான் ரொக்கச் சுழற்சி. அடக்க விலைப்படி 75 நாளுக்கு 7,50,000 ரூபாய் எப்போதும் வியாபாரத்துக்குள்ளேயே நிற்கும். அதுதான் இவருடைய நடைமுறை மூலதனம்.

லாபத்தை மட்டும் பார்த்து ஆர்டரைக் கூட்டுவதுதான் பலரைச் சாய்க்கும் தவறு. விற்பனை ஒன்றரை மடங்கானால் நிற்கும் பணமும் 11,25,000 ஆகிவிடும். கூடுதலாக வேண்டியது 3,75,000. புதிய லாபமோ மாதம் 45,000. வாடகையும் கூலியும் அதிலிருந்துதான். ஒரு பைசாகூட எடுக்காமல் விட்டாலும் அந்தக் கூடுதல் பணம் சேர எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால் பெரிய பில்லுக்குத் தறிக்காரர் முப்பதாம் நாளே வந்து நிற்பார். லாபத்தில் ஓடும் கடையில் செக் திரும்புவது இப்படித்தான். ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே இந்தப் பணத்துக்கு வழி பார்த்துவிட வேண்டும்.

பணம் முட்டும்போது தறிக்காரரைத் தள்ளிப்போடத் தோன்றும். அவர் உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் கவனம் தேவை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்; இல்லையென்றால் 15 நாள்தான். வாய்ப்பேச்சில் சொன்ன 30 நாள் சட்டத்தின் முன் நிற்காது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க அவருக்கு உரிமை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தாமதம் பழக்கமானால் அடுத்த பில்லில் விலையை ஏற்றிவிடுவார். அப்புறம் அந்த 1,000 ரூபாய் லாபமும் மெலியும்.

சரிசெய்ய வேண்டிய இடம் பெரும்பாலும் கடைகளிலிருந்து வரவேண்டிய பாக்கிதான். அதையும் மனக்கணக்கில் விட்டுவிடுகிறோம். மாதக் கடைசியில் மொத்தப் பாக்கியை ஒரு நாள் விற்பனையால் வகுத்துப் பாருங்கள். 6,60,000-ஐ 11,000-ஆல் வகுத்தால் 60 நாள். விற்பனை மாறாமல் பாக்கி 7,70,000 ஆகியிருந்தால் 70 நாள். அந்தப் பத்து நாளில் உங்கள் அடக்கப் பணம் மட்டும் ஒரு லட்சம் வெளியே போயிருக்கிறது. சராசரி 60 என்று தெரிந்தாலும் நிம்மதி வேண்டாம். பாதிக் கடைகள் 30 நாளில் கொடுத்து, இரண்டு பெரிய கடைகள் 120 நாள் இழுத்தடிக்கலாம். அதனால் பில் தேதிவாரியாகப் பட்டியல் போட்டு, 60 நாளைத் தாண்டிய பில் உள்ள கடைக்குப் பழையது வந்தபின்தான் புதுக் கட்டு அனுப்புங்கள்.