துணிக்கடை விற்பனையாளரை மதிப்பிடுவது எப்படி? பில் தொகையைப் பார்க்காமல் ஒரு முறை

தீபாவளி முடிந்ததும் பெரும்பாலான கடைகளில் பில் தொகையை வைத்தே ஆட்களை வரிசைப்படுத்துகிறார்கள். பட்டு கவுண்டரில் நின்றவர் முதலிடம், உள்பாவாடை கவுண்டரில் நின்றவர் கடைசி. நின்ற இடத்துக்குக் கிடைக்கிற மார்க் அது. ஒரே கவுண்டர், ஒரே ஷிப்ட் ஆட்களை மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

1. சரக்கு அறிவு

கூட்டம் இல்லாத காலை நேரத்தில், விலைச்சீட்டை மறைத்து ஐந்து சேலைகளை விரியுங்கள்: அசல் காஞ்சிபுரம் பட்டு, ஆர்ட் சில்க், சாஃப்ட் சில்க், சுங்கடி, பாலியஸ்டர் கலந்த காட்டன். ஒவ்வொன்றும் என்ன என்று கேட்பதோடு நிற்காமல், "இதை எப்படித் துவைக்கணும்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்வீங்க?" என்றும் கேளுங்கள். பெயரை மனப்பாடம் செய்தவர் இங்கேதான் தடுமாறுவார். சுங்கடி முதல் துவைப்பில் சாயம் விடலாம், தனியாக அலச வேண்டும் என்று தானாகச் சொல்பவருக்கு முழு மார்க்.

பட்டுப் பிரிவுக்கு இன்னொரு கேள்வி உண்டு. சில்க் மார்க் முத்திரை எதற்கு உத்தரவாதம்? நூல் சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும்தான். ஜரிகை வெள்ளியா, செம்பா என்பதைப் பற்றி அந்த முத்திரை பேசாது. சட்டைத்துணிப் பிரிவு என்றால் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை வைத்துக் கேளுங்கள். 58 அங்குலப் பன்னாவில் முழுக்கைச் சட்டைக்குச் சுமார் 1.60 மீட்டர் போதும். 36 அங்குலத்தில் 2.25 மீட்டராவது வேண்டும். இது தெரியாதவர் கிழித்துக் கொடுத்த துணி தையல்காரரிடம் போய்விட்டுத் திரும்பி வரும்.

2. நேர்மை

கடைக்குப் பழக்கமில்லாத ஒருவரை வாடிக்கையாளராக அனுப்புங்கள். அவர் "இது பட்டா?" என்று நேராகக் கேட்டால் எல்லோரும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஆர்ட் சில்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "முகூர்த்தத்துக்குக் கட்டலாம்ல, பட்டுதானே?" என்று அவரே முடிவு செய்துவிட்ட தொனியில் கேட்கட்டும். கடையில் சொல்லப்படும் பொய்களில் பாதி வெறும் தலையாட்டல்தான். "பட்டு மாதிரியே இருக்கும்க்கா" என்பதும் அதே கணக்கில்தான் சேரும். "இது ஆர்ட் சில்க்குங்க, பட்டு அந்தத் தட்டுல இருக்கு" என்பதுதான் சரியான பதில். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். வேறு வேறு நேரங்களில் மூன்று தடவை அனுப்புங்கள்.

தேங்கிய சரக்குக்குப் பீஸ் கணக்கில் இன்சென்டிவ் கொடுக்கும் கடையில் இந்தச் சோதனையில் தோற்கிறவர்களே அதிகம் இருப்பார்கள். அங்கே முதலில் மாற்ற வேண்டியது இன்சென்டிவை.

3. பண்டிகைக் கூட்டம்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை, இருபது நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ஒரு குடும்பத்துக்குச் சேலை விரித்துக்கொண்டே, காத்திருப்பவரிடம் "ரெண்டு நிமிஷம், உட்காருங்க" என்று சொல்கிறாரா? விரித்ததை இடையிடையே மடித்து அதே தட்டில் வைக்கிறாரா? இடம் மாறி வைத்த சேலை அன்றிரவு முழுக்க யார் கண்ணிலும் படாது. பில்லுக்கு அனுப்பும் முன் முந்தானையையும் உடலையும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறாரா என்பது மிக முக்கியம்.

4. மாற்ற வந்த துணிகள்

பலர் கோட்டை விடும் இடம் இது. பில்லில் விற்பனையாளர் எண் இருக்கும். மாற்றுச் சீட்டில் காரணம் இருக்காது. காரணத்தை வாடிக்கையாளர் சொன்ன சொல்லிலேயே கல்லாவில் இருப்பவர் எழுத வேண்டும். விற்றவர் கையில் சீட்டைக் கொடுத்தால் எல்லாமே "கலர் பிடிக்கலை" ஆகிவிடும்.

ஒரு கணக்கு பாருங்கள். சேலை கவுண்டரில் பத்து நாளில் ஒருவர் போட்டது 200 பில், திரும்பி வந்தவை 20. இன்னொருவர் 160 பில், திரும்பியவை 5. முதலாமவரின் இருபதில் ஆறு நிறம் பிடிக்காதவை, அதைக் கழித்துவிடுங்கள். ஒன்பதில் "பட்டுன்னு சொன்னாங்க", "சாயம் போகாதுன்னாங்க" என்று இருக்கிறது. ஐந்து, கவனிக்காமல் போன டேமேஜ். ஆக அவர் தவறு 14, அதாவது நூற்றுக்கு 7. இரண்டாமவரின் ஐந்தில் நான்கு நிறம், ஒன்றுதான் டேமேஜ். நாற்பது பில் குறைவாகப் போட்டிருந்தாலும் இவர்தான் மேல்.

பண்டிகை முடிந்த மறுநாளே இந்தக் கணக்கைப் போடாதீர்கள். மாற்ற வருகிறவர்கள் வந்து தீர இரண்டு வாரம் ஆகும்.

எக்ஸெல் வேண்டாம், கல்லா பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு நீள நோட்டே போதும். கணினியில் ஏற்றலாம் என்று எடுத்துவைத்த சீட்டுகள் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

பின்சேர்க்கை: சின்னக் கடையில் பில்லில் ஆள் எண் இருக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிற ஸ்டிக்கர் கொடுத்து, விலைச்சீட்டின் பின்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். சீட்டைக் கிழிக்காமல் கொண்டுவந்தால்தான் மாற்றித் தருவோம் என்று பில்லிலேயே அச்சடித்துவிட்டால், துணி திரும்பும்போது ஸ்டிக்கரும் கூடவே வந்துவிடும்.