ரெண்டு இட்லியிலேயே வயிறு நிரம்புகிறதா? கேஸ் என்று ஒதுக்குவதில் நடக்கும் தவறுகள்

மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆன 56 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரே ஆள் அல்ல, பலரிடம் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ரெண்டாவதிலேயே தட்டைத் தள்ளிவைக்கிறார். "நெஞ்சு வரைக்கும் நிக்குது" என்கிறார். பாவாடை நாடாவை வழக்கமாக முடியும் இடத்தில் முடிய முடியவில்லை. கை கால் மட்டும் மெலிந்திருக்கிறது. வீட்டில் சொல்வது ஒன்றுதான்: வயசாச்சு, வாயு.

பெரும்பாலும் அது வாயுதான். ஆனால் சினைப்பைப் புற்றுநோயும் ஆரம்பத்தில் இதே வேஷத்தில்தான் வருகிறது. சினைப்பை அடிவயிற்றின் ஆழத்தில் தளர்வாக இருக்கும் உறுப்பு. கட்டி வளர்ந்தாலும் சீக்கிரம் வலிக்காது. பல நேரம் நோய் தொடங்குவது சினைப்பையில்கூட இல்லை, கருக்குழாயின் விரல் போன்ற முனையில். அங்கிருந்து உதிரும் செல்கள் வயிற்றறைக்குள் பரவி, குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்பு மடிப்பில் ஒட்டுகின்றன. வயிற்றில் நீர் கோக்கிறது. இரைப்பை விரிய இடமில்லாமல் போகிறது. ரெண்டு இட்லியில் வயிறு நிரம்புவது அதனால்தான். கோளாறு இரைப்பையில் இல்லை, வெளியிலிருந்து அதை அழுத்துவதில் இருக்கிறது.

முதல் தவறு, நாள் கணக்கு வைக்காதது. "அடிக்கடி உப்புசம்" என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. தொடர்ந்தோ, மாதத்தில் 12 தடவைக்கு மேலோ வயிறு உப்புதல், சீக்கிரம் வயிறு நிரம்புதல், அடிவயிற்று வலி, அவசரமாகவோ அடிக்கடியோ சிறுநீர் வருதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், முக்கியமாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, ரத்தப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது. நம் வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் போதும். உப்புசம் இருந்த தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சாப்பாட்டு வாயு என்றால் பெரும்பாலும் மாலையில் ஏறி, ராத்திரி தூங்கி எழுந்தால் இறங்கியிருக்கும். காலை எழுந்ததும் அதே அளவில் நிற்கும் வயிற்றை வாயு என்று எளிதில் ஒதுக்க முடியாது.

நம் அம்மாவின் காலண்டரில் ஒரு மாதத்தில் 17 வட்டங்கள். அதற்கு முன்பே மூன்று மாதம் ஓமத் தண்ணீரிலும் வெறும் வயிற்று அமிலக் குறைப்பு மாத்திரையிலும் போய்விட்டது. அப்புறம் எண்டோஸ்கோபி எடுத்தார். "லேசான புண், மற்றபடி நார்மல்" என்றதும் வீடே நிம்மதியானது. இரண்டாவது தவறு அந்த நிம்மதி. எண்டோஸ்கோபி பார்ப்பது உணவுக்குழாயையும் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் உள்ளிருந்து. இரைப்பைக்கு வெளியே என்ன அழுத்துகிறது என்று அதற்குப் பொதுவாகத் தெரியாது. அதேபோல பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. அது நார்மல் என்பது சினைப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது. 50-க்கு மேல் முதல் முறையாகக் குடல் எரிச்சல் நோய் என்று பெயர் வைத்தால், அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். அந்த நோய் அந்த வயதில் புதிதாகத் தொடங்குவது அபூர்வம்.

"எனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தாச்சே" என்பார்கள் சிலர். நம் ஊரில் அந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்குச் சினைப்பையை எடுத்தார்களா, விட்டார்களா என்றே தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிப் பாருங்கள். இரண்டையும் எடுத்திருந்தாலும் வயிற்றறைச் சவ்விலேயே இதே வகை நோய் வர ஒரு சிறு வாய்ப்பு உண்டு.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு வரியைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு. மாதவிடாய் நின்றபின் சினைப்பை சுருங்கிவிடும். குடலில் வாயு இருந்தால் வயிற்றின் மேலிருந்து பார்க்கும் ஸ்கேனில் அது மறைந்துபோகும். ரிப்போர்ட்டின் நடுவில் "சினைப்பைகள் தெரியவில்லை" என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். கடைசி வரியைப் பார்த்து எல்லாரும் "நார்மல்" என்று படித்துவிடுகிறோம். தெரியவில்லை என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம், நன்றாக இருக்கிறது என்று அல்ல. பிறப்புறுப்பின் உள்வழியாக எடுக்கும் ஸ்கேன் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவர் எடுக்கும் இடத்துக்குப் போகலாம். ஐந்து பத்து நிமிட வேலை அது.

ரத்தத்தில் பார்ப்பது சி.ஏ. 125 என்ற புரதத்தின் அளவை. அளவு 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்கேன் அவசியம். ஆனால் இந்த எண்ணை இரண்டு பக்கமும் தப்பாகப் படிக்கிறார்கள். நோய் சினைப்பைக்குள்ளேயே இருக்கும் முதல் கட்டத்தில், சுமார் பாதிப் பேருக்கு இது நார்மலாகவே இருக்கும். அதனால் 20 என்று வந்தும் உப்புசம் தொடர்ந்தால் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் ஈரல் நோய், நார்க்கட்டி, இதயச் செயலிழப்பு என்று பலவற்றிலும் இது ஏறும். நம் நாட்டில் முக்கியமாக வயிற்றுக் காசநோய். நீர் கோப்பது, மெலிவது, நூற்றுக்கணக்கில் ஏறும் சி.ஏ. 125 என எல்லாமே புற்றுநோய் போலவே இருக்கும். திசுவை எடுத்துப் பார்க்காமல் வெறும் எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது, பயந்து அழவும் கூடாது. தொந்தரவே இல்லாதவர்கள் வருடா வருடம் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதிலும் பலன் இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு, அப்படிச் செய்வதால் இறப்பு குறையவில்லை என்று 2021-ல் முடிவு சொன்னது. அறிகுறி உள்ளவர்களுக்கான கதை வேறு.

நம் அம்மாவுக்கு சி.ஏ. 125 அளவு 86. உள்வழி ஸ்கேனில் வலது சினைப்பையில் பல அறைகள் கொண்ட கட்டி, நடுவே திடமான பகுதி, வயிற்றில் கொஞ்சம் நீர். இதற்கு ஓர் ஆபத்துக் கணக்கு இருக்கிறது. ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய அம்சம் ஒன்று என்றால் 1, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 3. மாதவிடாய் நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. இரண்டையும் சி.ஏ. 125 அளவோடு பெருக்க வேண்டும். இவருக்கு 3 x 3 x 86, அதாவது 774. 250-ஐத் தொட்டாலே பெண்ணுறுப்புப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது அதே நைஸ் வழிகாட்டுதல்.

"சாதாரண நீர்க்கட்டிதானே, இங்கேயே லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்" என்று யாராவது அவசரப்படுத்துவது இந்த இடத்தில்தான். கட்டியில் ஊசி போட்டு நீர் எடுப்பதும் அதே வகை. கட்டி உள்ளே உடைந்து கசிந்தால், சினைப்பையோடு நின்றிருந்த நோயின் நிலை ஒரு படி ஏறிவிடும், கீமோ தேவைப்படலாம். வயிற்றறையில் கோத்த நீரை எடுத்துப் பரிசோதிப்பது வேறு, கட்டியைக் குத்துவது வேறு.

நிபுணரைப் பார்க்கப் போகும்போது காலண்டர் தாள், ஸ்கேன் படம், ரத்த ரிப்போர்ட், பழைய டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். குடும்பத்தில் யாருக்கு மார்பகப் புற்றுநோய், யாருக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா வழி அத்தைகளையும் பாட்டியையும் சேர்த்து எழுதுங்கள். இந்த இரண்டு புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மரபணு மாற்றம் அப்பாவிடமிருந்தும் வரும், அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் சொல்ல மறக்கிறார்கள்.