காய்ச்சலில் ஒரு பெக் பிராந்தி: மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

"வெந்நீரில் ஒரு பெக் பிராந்தி விட்டுக் குடி, விடிந்தால் சளி ஓடிவிடும்" என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். குடித்ததும் உடம்பில் சூடு பரவுவது உண்மைதான். மது தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, முகம் சிவக்கிறது. சளியை உண்டாக்கிய கிருமிக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. மூக்கினுள் இருக்கும் குழாய்களும் சேர்ந்து விரிவதால் அடைப்புதான் கூடும்.

அந்த மாமாவின் பேச்சைக் கேட்ட ஒருவரின் சனிக்கிழமையைப் பார்ப்போம். காய்ச்சல் 101 டிகிரி. வாய் கசப்பதால் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சளி மாத்திரை மூன்று வேளை போட்டார். உடம்புவலிக்குத் தனியாக 650 மில்லிகிராம் பாராசிட்டமால் நான்கு முறை. இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பெக், அதன்மேல் இருமல் மருந்து.

முதலில் தண்ணீர்க் கணக்கு. காய்ச்சலில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வழக்கத்தைவிட அதிக நீர் வெளியேறுகிறது; மூக்கடைத்து வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கே ஒட்டிக்கொள்ளும். இந்த நேரத்தில் சிறுநீரகம் நீரைச் சேமிக்க வேண்டும். அதற்கு மூளையிலிருந்து வரும் ஹார்மோனைத்தான் மது அடக்கிவிடுகிறது. ஆகவே, இருக்கிற கொஞ்ச நீரும் சிறுநீராகப் போகிறது. 'பிராந்தியோடு வெந்நீரும்தானே குடித்தேன்' என்பது செல்லாது. எழுந்து நின்றால் தலை சுற்றுவதும், சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போவதும் உடம்பு வற்றியதன் அடையாளங்கள்.

சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் போன்ற தூக்கம் தரும் மருந்து இருக்கும். மதுவும் அதே மூளையைத்தான் மந்தமாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் நல்ல தூக்கம் வரும் என்று எண்ணுவதுதான் இரண்டாவது தவறு. நம்மவர் இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுகிறார். நீர் வற்றியிருப்பதால் எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறது, கால் தடுமாறுகிறது, குளியலறை வாசலில் விழுகிறார். இருமல் மருந்தில் கோடீன் இருந்தால் ஆபத்து இதைவிடப் பெரிது, மூச்சே மெதுவாகிவிடும். உலுக்கியும் எழாதவர், விட்டுவிட்டு மூச்சு விடுபவர், உதடு நீலம் பாய்ந்தவர் 'போதையில் தூங்குகிறார்' என்று விட்டுவிடக் கூடியவர் அல்ல. ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மூன்றாவது தவறு சத்தமில்லாதது. அவர் போட்ட சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தது. மூன்று வேளைக்கு 1500. தனியாகப் போட்டது 2600. மொத்தம் 4100 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4000. அவருக்கு அது தெரியாது. இரண்டையும் வேறு வேறு மருந்தாகத்தான் நினைத்தார்.

பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கைக் கல்லீரல் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. குளுட்டதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் முறித்துவிடுவதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. நாள்தோறும் குடிப்பவரின் கல்லீரலில் நச்சை உண்டாக்கும் நொதி கூடியிருக்கும்; குடியாலும் பட்டினியாலும் குளுட்டதயோன் குறைந்திருக்கும். எப்போதாவது ஒரு பெக் குடிக்கும் ஆரோக்கியமானவர் சரியான அளவில் மாத்திரை போட்டதற்காகப் பீதியடைய வேண்டியதில்லை. தினமும் குடிப்பவருக்கோ 4000 என்ற வரம்பே பொருந்தாது. பல மருத்துவர்கள் 2000க்குள் நிறுத்தச் சொல்வார்கள். அவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: காய்ச்சலால் திடீரெனக் குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் வியர்வையையும் காய்ச்சல் என்றே நினைத்து மேலும் மாத்திரை போடுவார். அந்த நடுக்கத்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

அளவு மீறிய முதல் நாள் குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழ் வலியும் கண் மஞ்சளாவதும் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். நச்சை முறிக்கும் மருந்தை, மாத்திரை போட்ட எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். எனவே கணக்கு மீறியது தெரிந்தால் வலிக்காகக் காத்திராமல், மாத்திரை அட்டைகளையும் மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை பெக் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே குடித்துவிட்டவர் அன்றிரவு தூக்கம் தரும் சளி மாத்திரையையும் இருமல் மருந்தையும் விட்டுவிடட்டும். உப்புசர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுக்கட்டும். காலையில் தலை வலித்தால் வெறும் வயிற்றில் இபுபுரூஃபன் வேண்டாம். மது புண்ணாக்கிய இரைப்பையில் அது ரத்தக்கசிவை உண்டாக்கலாம், வற்றிய சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அந்தத் தலைவலிக்குத் தண்ணீர்க் குறைவும் ஒரு காரணம்.