வெல்டிங் புகையை வெளியேற்றும் டக்ட்: சிறு பட்டறைகளில் நேரும் தவறுகள்

இரண்டு வெல்டிங் மேசைகள் உள்ள ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அங்கு பெரும்பாலும் முதலில் நிகழும் தவறு, சமையலறைச் சிம்னியைப் போல மேசைக்கு நேர் மேலே ஹூட்டைத் தொங்கவிடுவதாகும். வெல்டர் குனிந்து வேலை செய்வதால், மேலெழும் புகை அவர் முகத்தைக் கடந்த பிறகே ஹூட்டைச் சேர்கிறது. உறிஞ்சும் வாய் மேசையின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இருந்தால்தான் புகை அவரை விட்டு விலகிச் செல்லும்.

அடுத்த தவறு தூரத்தைப் பற்றியது; என் கணிப்பில் பணம் அதிகம் வீணாவது இதனால்தான். விளிம்புத் தகடு இல்லாத திறந்த குழாய் வாய்க்குப் பின்வரும் சூத்திரம் பொருந்தும்.

```
Q = V (10X² + A)
```

Q என்பது நிமிடத்திற்குத் தேவைப்படும் கன அடி காற்று. V என்பது புகையைப் பிடிக்கும் வேகம். X என்பது ஆர்க்கிலிருந்து வாய் வரையிலான தூரம், அடியில். A என்பது வாயின் பரப்பு, சதுர அடியில். வேகம் நிமிடத்திற்கு 100 அடி, வாய் 8 அங்குல விட்டம் (0.35 சதுர அடி) எனில், ஓரடித் தூரத்தில் 1,035 கன அடி போதும், இரண்டடிக்கு நகர்த்தினால் 4,035 கன அடி வேண்டும். ஆகவே பெரிய புளோயரைத் தேடும் முன் வாயை அருகில் கொண்டுவருவதே முறை. வாயைச் சுற்றி அகலமான விளிம்புத் தகடு வைத்தால் தேவை ஏறத்தாழக் கால் பங்கு குறையும். ஆனால் மிக் வெல்டிங்கில் வாயை அளவுமீறி நெருக்கினால் காப்பு வாயு கலைந்து, பற்றவைத்த இடத்தில் நுண்துளைகள் தோன்றும். அவற்றைக் கண்டால் வாயைச் சற்றுப் பின்னே நகர்த்த வேண்டும்.

இரு மேசைகளின் 8 அங்குலக் கிளைகளும் சேரும் பிரதான டக்டை அதே 8 அங்குலத்தில் தொடர்வது மற்றொரு தவறு. காற்றின் அளவு 1,035 கன அடியிலிருந்து 2,070 கன அடியாக இரட்டிப்பாவதால் அங்கு வேகமும் இரட்டிப்பாகி, உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பெரிதாக இருப்பது நல்லது என்று 18 அங்குலம் போட்டால் வேகம் நிமிடத்திற்கு 1,200 அடிக்கும் கீழே இறங்கி, தூசு குழாயிலேயே படியும். இங்கு 12 அங்குலம் பொருத்தமானது. அதில் வேகம் ஏறத்தாழ 2,600 அடியாக இருக்கும். கிளைகளைச் செங்குத்தாக இணைக்காமல், காற்று செல்லும் திசையில் 30 பாகைச் சாய்வில் இணைப்பது நல்லது.

இந்த டக்டின் முனையில் சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தினால், நீண்ட குழாயின் எதிர்ப்பை அதனால் வெல்ல முடியாது. மையவிலக்குப் புளோயரே தேவை. வெளியேறும் 2,070 கன அடிக்கு ஈடான காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். கதவுகளை மூடிப் புளோயரை இயக்கும்போது, வெளிப்புறமாகத் திறக்கும் கதவைத் தள்ளுவது கடினமாக இருந்தால், அந்த வழி போதவில்லை என்று பொருள். காற்று வரும் திறப்பை மேசைகளுக்கு எதிர்ப்புறச் சுவரில், டக்டின் வெளிவாயிலிருந்து தொலைவில் அமைத்தபின், ஆர்க் எரியும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கலாம். அதன் புகை தயக்கமின்றி ஹூட்டை நோக்கி வளைய வேண்டும்.