வாட்சுக்கும் அதே நம்பர்: பில்லில் எவ்வளவு ஏறும்?

அமெரிக்காவில் செல்லுலார் ஆப்பிள் வாட்ச் வாங்கினால், போனில் உள்ள அதே நம்பரை அதிலும் வைத்துக்கொள்ளலாம். தனி சிம் கார்டு கிடையாது. இசிம் உள்ளேயே இருக்கிறது. போன் எந்த நிறுவனத்துடையதோ, வாட்சுக்கும் அதே நிறுவனம்தான். ஐபோனில் Watch ஆப்பைத் திறந்து, Cellular, அப்புறம் Set Up Cellular அழுத்தினால் நிறுவனத்தின் பக்கம் வரும். அங்கே பிளானை ஏற்றுக்கொண்டால் போதும்.

பெரிய நிறுவனங்களில் மாதம் சுமார் 10 டாலர், வரி தனி. ஆக்டிவேஷன் கட்டணமும் சிலர் கேட்பார்கள். ஆக, வருடத்துக்கு 120 டாலரைத் தாண்டிவிடும். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடப் போகிறவர்களுக்குச் சரி. எந்நேரமும் போன் கையிலேயே இருப்பவர்களுக்கு இது தண்டச் செலவு.

வேலை செய்கிறதா என்று பார்க்க, போனை அணைத்து, வாட்சில் வைஃபையையும் அணையுங்கள். கன்ட்ரோல் சென்டரில் செல்லுலார் பொத்தான் பச்சையானால் இணைப்பு வந்துவிட்டது. யாருக்காவது கால் போட்டுப் பாருங்கள். சாதாரண எஸ்எம்எஸ் மட்டும் வராது. அதற்கு போன் எங்காவது ஆன் செய்யப்பட்டு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

பின்னாளில் வாட்சை விற்கும்போது அன்பேர் செய்ததுமே பில் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். நிறுவனத்திடம் சொல்லி வாட்சின் லைனைத் தனியாக ரத்து செய்யுங்கள்.