டிராக்கில் முதல் இன்டர்வெல் பயிற்சி: 6 × 400 மீட்டர்

5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதாவது, ஒரு 400 மீட்டர் சுற்றுக்கு 2:24. இன்டர்வெலில் அதைவிடச் சற்றே வேகமாக, சுற்றுக்கு 2:20 வைத்து ஆறு முறை ஓடினால் போதும்.

முதலில் 10 நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்குங்கள். பிறகு நேர்ப்பகுதியில் மூன்று நான்கு முறை கொஞ்சம் வேகம் கூட்டி ஓடிப் பாருங்கள்.

அடுத்து லேன். டிராக் 400 மீட்டர் என்பது உள்ளோரத்து முதல் லேனுக்கு மட்டும்தான். வளைவுகளில் வெளிவட்டம் பெரிது என்பதால், ஒவ்வொரு லேன் தள்ளிப் போகும்போதும் சுற்றுக்குச் சுமார் 7.7 மீட்டர் கூடும். இரண்டாம் லேன் 407, நான்காம் லேன் 422, எட்டாம் லேன் 453 மீட்டர். நம்மவர் நான்காம் லேனில் அதே வேகத்தில் முழுச் சுற்று ஓடினால் கடிகாரம் 2:28 காட்டும். வேகம் குறைந்துவிட்டதென்று நினைத்து அடுத்த சுற்றில் விரட்டுவார், அதிலேயே பயிற்சி கெட்டுவிடும். முதல் லேனில் ஓட விடவில்லையென்றால், உங்கள் லேனுக்கான 400 மீட்டர் தொடக்கக் கோட்டில் ஆரம்பித்து முடிவுக் கோட்டில் நிறுத்துங்கள். அப்போது தூரம் சரியாக இருக்கும். ஜி.பி.எஸ். தூரத்தை வளைவுகளில் நம்ப வேண்டாம். கோட்டைத் தாண்டும்போது நீங்களே லேப் பொத்தானை அழுத்துங்கள்.

இப்போது ஓடலாம். முதல் லேனில் முடிவுக் கோட்டிலிருந்து கிளம்பினால், எதிர்ப்புறம் 200 மீட்டரில் 70 விநாடி ஆகியிருக்க வேண்டும். 62 என்றால் வேகம் அதிகம், அங்கேயே குறையுங்கள்.

சுற்று முடிந்ததும் நிற்காமல், பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வெளி லேனுக்கு விலகுங்கள். அங்கே 200 மீட்டர் மெதுவோட்டம், சுமார் 2 நிமிடம். ஓடிய நேரத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் குறைவாகவோ ஓய்வு இருப்பதுதான் இந்தப் பயிற்சிக்குப் பொருத்தம். 4 நிமிடம் எடுத்தால் மூச்சு முழுக்க அடங்கிவிடும். உடலின் ஆக்ஸிஜன் பயன்பாடு மறுபடி உச்சத்தை நெருங்குவதற்குள் அடுத்த சுற்றே முடிந்துவிடும். 30 விநாடியில் கிளம்பினாலோ மூன்றாவது சுற்றிலேயே நேரம் சரியும். 2 நிமிட முடிவில் மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்தாலும் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அப்புறம் எதிர்ப்புறக் கோட்டிலிருந்து அடுத்த சுற்று.

நேரங்களைக் குறித்து வையுங்கள். 2:21, 2:20, 2:20, 2:19, 2:21, 2:20 என்று வந்தால் மிகச் சரி. 2:08-இல் ஆரம்பித்து 2:34-இல் முடிந்தால், குறை பெரும்பாலும் ஓய்வில் இல்லை, முதல் சுற்றின் வேகத்தில்தான். கடைசி இரண்டு சுற்று மட்டும் ஐந்தாறு விநாடி சரிந்தால், அடுத்த வாரம் மெதுவோட்டத்தை அரை நிமிடம் நீட்டுங்கள், வேகத்தை மாற்றாதீர்கள்.