சின்ன மருத்துவமனைக்குப் புது பை, பெரிய மருத்துவமனைக்குப் பழைய பை

எங்கள் ரத்த வங்கியிலிருந்து சில தாலுகா மருத்துவமனைகளின் சேமிப்பு மையங்களுக்கு ஓ நெகட்டிவ் சிவப்பணு அனுப்புகிறோம். அங்கே அது அவசரத்துக்காக இருந்தே ஆக வேண்டும், ஆனால் செலவாவது அபூர்வம். காலாவதியாகி வீணானது பெரும்பாலும் இந்த வகைதான். கொடையாளர் கிடைப்பதே அரிதான ரத்தம் வீணாவதைப் பார்க்க மனசு வலிக்கும்.

காரணம், பழையதை முதலில் அனுப்பும் வழக்கம். பயன்பாடு அதிகமுள்ள இடத்துக்கு அது சரி. குறைவான இடத்தில் மிச்ச நாட்களும் ஃபிரிட்ஜிலேயே கழிந்துவிடும்.

அதனால் வரிசையைத் திருப்பினோம். சிவப்பணுவைக் கெடாமல் வைத்திருக்கும் சாக்எம் கரைசல் சேர்த்த பைக்கு ஆயுள் 42 நாள். மார்ச் 1-ல் எடுத்த பை ஏப்ரல் 12-ல் காலாவதியாகும். அதை 5-ம் தேதியே தாலுகாவுக்கு அனுப்புவோம். 14 நாள் மிச்சமிருக்கும்போது, மார்ச் 29-ல், புது பையைக் கொடுத்துவிட்டு இதைத் திரும்ப எடுத்து, அறுவை சிகிச்சையும் விபத்துப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம். கடைசி சில நாட்களிலும் நெகட்டிவ் நோயாளி வராவிட்டால், பொருத்தம் பார்த்து ஓ பாசிட்டிவ் நோயாளிக்கே கொடுத்துவிடலாம்.

திரும்பி வரும் பையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. அங்கே 2 முதல் 6 டிகிரிக்குள் இருந்ததற்கான பதிவு வேண்டும், வழியில் 10 டிகிரியைத் தாண்டியிருக்கக் கூடாது. சீல் உடைந்திருந்தாலோ, மேலே தெளிந்த திரவம் சிவந்திருந்தாலோ ஒதுக்கிவிடுவோம்.

பிளேட்லெட்டுக்கு இந்த முறை ஒத்துவராது. அதன் ஆயுளே 5 நாள்தான்.